64 மாதம் 38 ஆன கணக்கு

2025 ஜூன் மாதத்தில் ஒரு மாலை, என்னோடு வேலை பார்க்கும் சிவில் பொறியாளர் ஒருவர் நான்காக மடித்த தாளோடு என் மேசைக்கு வந்தார். "சார், பிஎம்பிக்கு அப்ளை பண்றேன். இதுல மூணு சைட் உங்களுக்குக் கீழ செஞ்சது. ஆடிட் வந்தா நீங்கதான் கையெழுத்துப் போடணும்" என்றார். தாளில் ஏழு வரிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டடத்தின் பெயர், தொடங்கிய மாதம், முடிந்த மாதம். அடியில் கோடு போட்டுக் கூட்டியிருந்தார்: 64 மாதங்கள்.

"தேவை 36 தானே சார், தாராளமா இருக்கு."

படித்துக்கொண்டு போகும்போதே அந்த 64 நிற்காது என்று தெரிந்துவிட்டது. அவர் பொய் எழுதியிருக்கவில்லை. ஏழு வேலையும் அவர் வியர்வை சிந்தியவைதான். ஆனால் அவர் எழுதியது தன் வேலை அனுபவத்தை. விண்ணப்பம் கேட்பது திட்டத்தை வழிநடத்திய அனுபவத்தை. இரண்டும் ஒன்று என்று எண்ணிக்கொண்டு விண்ணப்பிக்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பிஎம்பி என்பது திட்ட மேலாளர்களுக்கான சான்றிதழ். அமெரிக்காவில் 1969இல் தொடங்கப்பட்ட பிஎம்ஐ என்ற அமைப்பு 1984 முதல் இதை வழங்கிவருகிறது. தேர்வு எழுதினால் மட்டும் போதாது, எழுதுவதற்கே தகுதி வேண்டும். பட்டப்படிப்பு முடித்தவர் 36 மாதங்களும், பள்ளிப் படிப்போ டிப்ளமாவோ முடித்தவர் 60 மாதங்களும் திட்டங்களை வழிநடத்தியிருக்க வேண்டும் என்பது 2025 ஜூனில் இருந்த விதி. அதோடு திட்ட மேலாண்மையில் 35 மணி நேரப் பயிற்சி. 2021இல் நடைமுறைக்கு வந்த தேர்வு முறையின் கையேட்டில், இந்த மாதங்கள் கடைசி 8 ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும் என்று இருந்தது. இத்தகைய எண்களை அந்த அமைப்பு அவ்வப்போது மாற்றும். ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் எந்தக் கையேடு நடப்பில் இருக்கிறதோ அதைத்தான் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். நண்பர் தேறியபோது இருந்த கையேட்டை அல்ல.

மணிக்கணக்கு எங்கே போயிற்று என்று சிலர் கேட்கக்கூடும். முன்பு மாதத்தோடு மணியையும் கேட்டார்கள். பட்டதாரிக்கு 4,500 மணி, மற்றவர்களுக்கு 7,500 மணி. அந்த மணிகளையும் தொடங்குதல், திட்டமிடல், செயல்படுத்தல், கண்காணித்தல், முடித்தல் என்று ஐந்து கூறுகளாகப் பிரித்து எழுத வேண்டியிருந்தது. நான்கு வருடத்துக்கு முந்தைய வேலையில் திட்டமிடலுக்கு 212 மணி, முடிப்பதற்கு 64 மணி என்று யாரால் உண்மையாகச் சொல்ல முடியும்? பலரும் மொத்தத்தை முதலில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் பிரித்தார்கள். இப்போது அந்தப் பிரிப்பு இல்லை, மாதங்களை மட்டும் கேட்கிறார்கள். ஆனாலும் பழைய மணிக்கணக்கில் ஓர் உபயோகம் இருக்கிறது. 4,500ஐ 36ஆல் வகுத்துப் பாருங்கள், மாதத்துக்கு 125 மணி வரும். 7,500ஐ 60ஆல் வகுத்தாலும் அதே 125தான். வாரம் 40 மணி வேலை செய்கிறவருக்கு மாதத்தில் ஏறக்குறைய 173 மணி கிடைக்கும். அதாவது ஒரு மாதத்தை மாதமாகக் கணக்கில் வைக்க, வேலை நேரத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகவாவது திட்டத்தை நடத்துவதில் செலவாகியிருக்க வேண்டும் என்பது அந்தப் பழைய கணக்கின் உட்பொருள். இன்று இது விதி அல்ல. ஆனால் மாதத்தில் இரண்டு நாள் மட்டும் எட்டிப்பார்த்த சைட்டை முழு மாதமாக எழுதலாமா என்ற சந்தேகம் வரும்போது எனக்கு இதுதான் அளவுகோல்.

தாளைத் திறந்து வைத்து இருவரும் வரிவரியாகப் போனோம்.

முதல் வரி, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. 2018 ஜூலை முதல் 2019 மார்ச் வரை, ஒன்பது மாதம். கல்லூரி முடித்துவிட்டு வந்த முதல் வேலை. "அங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். கம்பி கட்டியதைச் சரிபார்த்தார், எம் புக்கில் அளவு எழுதினார், சென்ட்ரிங் மட்டம் பார்த்தார். நல்ல வேலை, பொறுப்பான வேலை. "ஒரு வாரம் தாமதம் ஆனா ஓனர் யாருக்கு போன் பண்ணுவார்?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெரிய இன்ஜினியருக்குத்தான் சார்" என்றார். அந்த வரியை அவரே அடித்தார்.

இந்தக் கேள்வி எந்தக் கையேட்டிலும் இல்லை, என் சொந்தக் கேள்வி. ஆனால் இத்தனை வருடத்தில் இதைவிட நன்றாகப் பிரித்துக் காட்டும் கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை. வேலை தள்ளிப்போனால், செலவு ஏறினால், கேட்டது வேறு கட்டியது வேறு என்றால், பதில் சொல்லக் கூப்பிடப்பட்டவர் யார்? அவர்தான் வழிநடத்தியவர். பதவிப் பெயர் இதில் பெரிதில்லை. திட்ட மேலாளர் என்ற பெயரே இல்லாமல் சைட் இன்ஜினியராகவோ சீனியர் அனலிஸ்டாகவோ இருந்துகொண்டு முழுத் திட்டத்தையும் நடத்தியவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்த மாதங்கள் உரியவை. மேலாளர் என்ற அட்டையை மாட்டிக்கொண்டு மேலிருந்து வந்ததைக் கீழே அனுப்பிக்கொண்டு மட்டும் இருந்தவர்களும் உண்டு.

இரண்டாவது வரி ஒரு பள்ளிக் கட்டடம், 2019 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதம். இது அவர் நடத்திய வேலைதான். மூன்றாவது, ஒரு விடுதியைப் புதுப்பித்தது, 2019 அக்டோபர் முதல் 2020 மார்ச் வரை ஆறு மாதம். அதுவும் அவருடையதே. மார்ச் 24 வரை ஆள் வந்தது, மறுநாள் முதல் ஊரடங்கு. "ஒன்பதும் ஆறும் பதினஞ்சு" என்று அவர் போட்டிருந்தார்.

இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களும் இரண்டு வேலைக்கும் பொது. ஒரே மாதத்தில் இரண்டு திட்டம் நடந்தால் அது ஒரு மாதம்தான், இரண்டு அல்ல. காலண்டரில் 2019 அக்டோபர் ஒரு தடவைதானே வந்தது! ஆகவே விடுதி வேலை புதிதாகச் சேர்ப்பது ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என மூன்று மாதங்களை மட்டுமே. அந்த மூன்று மாதம் இரண்டு சைட்டுக்கும் ஓடிக் களைத்தவருக்கு இது அநியாயமாகத் தோன்றும். உழைப்பு இரட்டிப்பாக இருந்தது உண்மை. ஆனால் விண்ணப்பம் அளப்பது எவ்வளவு உழைத்தீர்கள் என்பதை அல்ல, எவ்வளவு காலம் அந்தப் பொறுப்பில் இருந்தீர்கள் என்பதை.

கூட்டல் பிழை வராமலிருக்க எளிய வழி, தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் கழிப்பதை விட்டுவிடுவது. ஒரு வெள்ளைத் தாளில் வருடத்துக்கு ஒரு வரிசையாகப் பன்னிரண்டு கட்டங்கள் போட்டு, ஏதாவது ஒரு திட்டத்தை நீங்கள் வழிநடத்திய மாதத்தின் கட்டத்தை நிரப்புங்கள். ஏற்கெனவே நிரம்பிய கட்டத்தில் இரண்டாவது திட்டம் வந்தால் செய்ய ஒன்றுமில்லை. கடைசியில் நிரம்பிய கட்டங்களை எண்ணினால் போதும். அவரும் அன்று மாலை அப்படித்தான் செய்தார்.

நான்காவது வரிதான் எங்களை நெடுநேரம் பேசவைத்தது. 2020 ஜூலை முதல் 2021 ஜூன் வரை, நிறுவனம் கட்டி முடித்த கட்டடங்களின் பராமரிப்பு, பன்னிரண்டு மாதம். அந்த வருடம் எட்டுப் பேர் அவர் கீழ் இருந்தார்கள். வரவு செலவு அவர் பொறுப்பு. புகார் வந்தால் அவர்தான் பதில் சொன்னார். என் கேள்வியை வைத்துப் பார்த்தால் இது தேறும். ஆனாலும் கணக்கில் வராது. காரணம், அது திட்டமே இல்லை. திட்டம் என்பது ஒரு நாள் தொடங்கி ஒரு நாள் முடிவது, முன்பு இல்லாத ஒன்றை உண்டாக்கித் தருவது. தண்ணீர்த் தொட்டி கழுவுவதும், லிஃப்ட் சரிபார்ப்பதும், ஒழுகும் குழாயை மாற்றுவதும் இந்த மாதம் முடிந்தால் அடுத்த மாதம் திரும்ப வரும். அது தொடர் நிர்வாகம். மென்பொருள் நிறுவனத்தில் சப்போர்ட் டிக்கெட் பார்க்கும் குழுவை நடத்துவதும், ஆலையில் ஷிஃப்ட் நடத்துவதும், வங்கியில் கிளையை நடத்துவதும் இந்த வகைதான்.

அவர் முகம் வாடிவிட்டது. பன்னிரண்டு மாதம் ஒரே அடியில் போகிறதல்லவா. "அந்த வருஷம் முழுக்க ஒழுகற குழாய்தானா? வேற எதுவும் புதுசா போடலையா?" என்று கேட்டேன். சிறிது நேரம் கழித்து ஞாபகம் வந்தது. ஒரு வளாகத்தில் பழைய மின்பலகைகளை எடுத்துவிட்டுப் புதிய பலகைகளும் தீயணைப்பு பம்பும் பொருத்தினார்கள். தனி ஒர்க் ஆர்டர், தனித் தொகை, 2021 ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் ஒப்படைத்தது. நடத்தியவர் அவர். அந்த நான்கு மாதங்கள் நிற்கும். பராமரிப்பு வேலைக்குள் இப்படி ஒளிந்திருக்கும் திட்டங்களைப் பலர் பார்ப்பதில்லை. எழுதக்கூடாததை எழுதுகிறார்கள், எழுத வேண்டியதை விட்டுவிடுகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான பக்கமும் ஒன்று உண்டு. சொந்தத் தங்கை கல்யாணத்தை நடத்தியதைக் கேட்டால் அதற்குத் தொடக்கம் இருக்கிறது, முடிவு இருக்கிறது, பட்ஜெட் இருக்கிறது, சம்பந்தி வீட்டார் உட்படச் சமாதானப்படுத்த வேண்டியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது தொழில்முறை வேலை அல்ல. கல்லூரியில் செய்த புராஜெக்டும் அப்படித்தான். இரண்டையும் எழுத முடியாது.

மீதி மூன்றும் சிக்கல் இல்லாதவை. 2021 ஜூலை முதல் 2022 ஜூன் வரை ஒரு மருத்துவமனைக் கட்டடம், பன்னிரண்டு மாதம். 2022 மார்ச் முதல் அக்டோபர் வரை ஒரு கிடங்கு, எட்டு மாதம். அதில் முதல் நான்கு மருத்துவமனையோடு சேர்ந்துவிட்டதால் புதிதாக நான்கு. 2023 மே முதல் டிசம்பர் வரை ஓர் அலுவலகத்தின் உட்புற வேலை, எட்டு மாதம்.

எண்ணினால் நிரம்பிய கட்டங்கள் 40.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் வீட்டுக்குப் போய்ப் பழைய சைட் டைரிகளைத் தேடி எடுத்திருக்கிறார். மறுநாள் காலையில் வந்து, "சார், ஸ்கூல் சைட்ல ஏப்ரல், மே ரெண்டு மாசமும் எனக்கு முன்னாடி இருந்தவர்தான் இன்சார்ஜ். ஜூன் 3ஆம் தேதிதான் என் கையில குடுத்திருக்காங்க. டைரில இருக்கு" என்றார். நான் கேட்காதது அது. டைரியைப் பார்க்காமல் இருந்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது. இரண்டு கட்டங்களை அழித்தார். 38.

நினைவை நம்பி எழுதினால் எல்லாத் திட்டமும் மாதத்தின் முதல் தேதியில் தொடங்கிக் கடைசித் தேதியில் முடியும். இடையில் வந்த மாற்றங்களெல்லாம் மறைந்துபோகும். காகிதம் அப்படி மறக்காது. ஒர்க் ஆர்டர், சைட் டைரி, கூட்டக் குறிப்பு, ரன்னிங் பில், ஒப்படைப்புக் கடிதம், பழைய மின்னஞ்சல் இவற்றில் இரண்டாவது ஒவ்வொரு திட்டத்துக்கும் கையில் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் இவற்றை இணைக்கச் சொல்வதில்லை. ஆனாலும் தேதியை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்க இவை வேண்டும். எந்தத் தேதி எந்தத் தாளிலிருந்து வந்தது என்று ஓரத்தில் குறித்து வைத்தால், கையெழுத்துப் போடப்போகிறவர் கேட்கும்போது காட்டலாம். நானாக இருந்தால் நிச்சயம் கேட்பேன்.

மாதம் சரியான பிறகு வருகிறது எழுதும் வேலை. ஒவ்வொரு திட்டத்துக்கும் நிறுவனம், உங்கள் பதவி, குழுவின் அளவு, பட்ஜெட், எந்த முறையில் நடத்தினீர்கள், தேதிகள் எல்லாம் கேட்கப்படும். பிறகு 200 முதல் 500 சொற்களுக்குள் விவரிப்பு எழுத வேண்டும். திட்டத்தின் நோக்கம், அதில் உங்கள் பங்கு, நீங்கள் செய்தவை, முடிவில் என்ன ஆயிற்று என்ற நான்கும் அதில் தெரிய வேண்டும்.

அவர் முதலில் எழுதிக்கொண்டு வந்தது ஏறக்குறைய இப்படி இருந்தது: "திட்டத்தின் தொடக்க ஆவணத்தைத் தயாரித்தேன். பங்குதாரர்களை அடையாளம் கண்டேன். எல்லையை வரையறுத்தேன். இடர்களை மதிப்பிட்டேன். தரத்தைக் கண்காணித்தேன். கற்ற பாடங்களைப் பதிவு செய்தேன்." பயிற்சி வகுப்பில் கொடுத்த மாதிரியைப் பார்த்து எழுதியிருக்கிறார். பள்ளி என்பதை எடுத்துவிட்டுப் பாலம் என்று போட்டாலும் ஒரு சொல்லும் மாற்ற வேண்டியிருக்காது. இதில் எதுவும் பொய்யில்லை என்று அவர் சொன்னார். ஆனால் தொடக்க ஆவணம் என்று ஒன்றை அந்தப் பள்ளி வேலையில் அவர் கண்ணால் பார்த்ததில்லை. அது அவர் வருவதற்கு முன்பே முடிந்த விஷயம். பாதியில் பொறுப்பேற்றவர் தொடக்கத்தை எழுதத் தேவையே இல்லை. செய்யாத கட்டத்தைச் சேர்த்தால்தான் விவரிப்பு முழுமையாகும் என்ற பயத்தால் உண்மையான வேலையின் நடுவே ஒரு பொய் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

"அந்த சைட்ல உங்களுக்குத் தூக்கம் வராம பண்ணினது எது? அதைச் சொல்லுங்க" என்றேன். சொன்னதை அப்படியே எழுதச் சொன்னேன். அது இப்படி வந்தது:

"நடந்துகொண்டிருக்கும் பள்ளியின் வளாகத்தில் எட்டு வகுப்பறைகள் கொண்ட இரண்டு மாடிக் கட்டடத்தைக் கட்டி ஒப்படைப்பது நோக்கம். 2019 ஜூனில் நான் பொறுப்பேற்றபோது அடித்தளம் முடிந்திருந்தது. மீதி வேலைக்கு வார அட்டவணை போட்டு வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்கினேன். பள்ளி நேரத்தில் லாரிகள் வரக்கூடாது என்று நிர்வாகம் கேட்டதால் கான்கிரீட் போடுவதைச் சனிக்கிழமைகளுக்கு மாற்றினேன். இதனால் 11 நாள் தள்ளியது. பூச்சு வேலையையும் மின்குழாய் வேலையையும் மாடிவாரியாகப் பிரித்து ஒரே சமயத்தில் நடத்தி 6 நாட்களை மீட்டேன். கூடுதலாக ஒரு கழிவறை கேட்டபோது செலவையும் காலத்தையும் கணக்கிட்டுக் கொடுத்து, எழுத்தில் ஒப்புதல் வந்த பிறகே தொடங்கினேன். டிசம்பரில் குறைப்பட்டியலில் இருந்த 34 வேலைகளை முடித்து, ஒப்பந்த நாளுக்கு 5 நாள் தாமதமாக ஒப்படைத்தேன்."

விண்ணப்பத்துக்கு இதை ஆங்கிலத்தில் இன்னும் விரித்து எழுத வேண்டியிருந்தது, சரக்கு இதுதான். கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தாமதமான திட்டமும் அனுபவம்தான். கேட்பது வழிநடத்தினீர்களா என்பதை, எல்லாத் திட்டத்திலும் வென்றீர்களா என்பதை அல்ல. பாதியில் கைவிடப்பட்ட திட்டத்தைக்கூட, நடத்திய மாதங்கள் வரை எழுதி, முடிவில் கைவிடப்பட்டது என்று சொல்லலாம்.

இன்னொன்று, 'நாங்கள்' என்ற சொல். நம் ஊரில் 'நான் செய்தேன்' என்று சொல்வது தற்பெருமை போலப் படும். அதனால் 'நாங்கள் கட்டினோம், நாங்கள் முடித்தோம்' என்றே எழுத்து வரும். இந்தத் தாளில் அந்தப் பணிவு வாசிப்பவரைக் குழப்பும். கட்டியது மேஸ்திரியும் கம்பி கட்டுபவரும். அவர்கள் எப்போது வர வேண்டும், எது முதலில், பணம் போதாவிட்டால் எதைத் தள்ளலாம் என்று முடிவெடுத்தது நீங்கள் என்றால் அதை 'நான்' என்றே எழுத வேண்டும். மேலாளர் எடுத்த முடிவை 'நான்' என்று எழுதக்கூடாது என்பதும் இதே விதியின் மறுபாதி.

இனி ஆடிட். விண்ணப்பித்தவர்களில் சிலரை எந்தக் காரணமும் இல்லாமல், குலுக்கல் போல எடுத்துச் சரிபார்ப்பார்கள். சந்தேகப்பட்டுத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பதற வேண்டியதில்லை. எடுக்கப்பட்டால் 90 நாட்களுக்குள் பட்டச் சான்றின் நகல், 35 மணி நேரப் பயிற்சியின் சான்று, எழுதிய ஒவ்வொரு திட்டத்துக்கும் அதை அறிந்த மேலதிகாரியின் கையெழுத்து ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் கையெழுத்திட்ட தாளை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேலும் கையெழுத்திட்டு அனுப்புவார்கள். நானே அப்படி உறைகளில் கையெழுத்திட்டிருக்கிறேன். ஆடிட்டை முடிக்காவிட்டாலோ அதில் தேறாவிட்டாலோ மறுபடி விண்ணப்பிக்க ஓராண்டு காத்திருக்க வேண்டும். சான்றிதழ் வாங்கிய பிறகும் சரிபார்க்கும் உரிமையை அந்த அமைப்பு தன் கையில் வைத்திருக்கிறது.

90 நாள் நிறைய என்று தோன்றும். ஆனால் ஆறு வருடத்துக்கு முன் மேலாளராக இருந்தவர் இன்று எங்கே? இந்தப் பொறியாளரின் பட்டியலில் பள்ளி, விடுதி, மருத்துவமனை மூன்றும் என்னிடம். மின்பலகை வேலையும் கிடங்கும் பக்கத்து அறையில் இருக்கும் இன்னொருவரிடம். அலுவலக உட்புற வேலைக்கு மேலாளராக இருந்தவர் வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டார், எண்ணும் மாறிவிட்டது. அந்த ஒரு திட்டத்தின் எட்டு மாதங்களை எடுத்துவிட்டால் 38 என்பது 30 ஆகிவிடும். வாசலிலேயே நின்றுவிட வேண்டியதுதான். கிடங்குக்குக் கையெழுத்து கிடைக்காமல் போனாலும் நிலைமை சிக்கல்தான், 34 ஆகிவிடும். ஆகவே எந்தத் திட்டம் எத்தனை மாதங்களைத் தாங்கி நிற்கிறது என்று பார்த்து, அதிகம் தாங்கும் திட்டத்தின் ஆளை முதலில் தேட வேண்டும். அதுவும் விண்ணப்பத்தை அனுப்பும் முன்பு.

அவர் மூன்று வாரம் தேடினார். பழைய சப்ளையர் ஒருவர் மூலம் மின்னஞ்சல் முகவரி கிடைத்தது. தேதிகளையும் விவரிப்பையும் அப்படியே அனுப்பி, "இதில் நீங்கள் ஒப்புக்கொள்ளாதது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்" என்று எழுதினார். வந்த பதிலில் ஒரு திருத்தம் இருந்தது: ஏ.சி. ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுத்தது நான், நீங்கள் அல்ல. அந்த வரியை எடுத்துவிட்டு, ஒப்பந்தக்காரரின் வேலையை ஒருங்கிணைத்தேன் என்று மாற்றினார். நினைவு இப்படித்தான் ஏமாற்றும். முடிவெடுத்த அறையில் இருந்தோம் என்பதாலேயே முடிவெடுத்தது நாம் என்று நம்பிவிடுகிறோம். விண்ணப்பம் போன பிறகு ஆடிட்டில் இந்தத் திருத்தம் வந்திருந்தால் கையெழுத்தே கிடைத்திருக்காது.

கையெழுத்து கேட்கப்படுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். படிக்காமல் போட்டுக் கொடுப்பது உதவி இல்லை. நண்பனை மேலாளர் என்று காட்டிக் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்று சொல்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். விண்ணப்பதாரர் ஏற்றுக்கொள்ளும் நெறிமுறையில் பொறுப்பு, மரியாதை, நியாயம், நேர்மை என்று நான்கு மதிப்புகள் இருக்கின்றன. நேர்மை பற்றிய அந்தப் பக்கத்தை ஏற்று டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கத்தில் போலிக் கையெழுத்தை வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நாளை அவர் ஒரு சைட்டின் முன்னேற்ற அறிக்கையில் 80 சதவீதம் முடிந்தது என்று எழுதும்போது அதை எப்படி நம்புவது?

இந்தப் பொறியாளரின் கதை நல்லபடியாகப் போனதற்கு ஒரு காரணம் அவர் பட்டதாரி என்பது. 64 சுருங்கி 38 ஆனாலும் 36ஐத் தாண்டிவிட்டது. அவர் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தவர். சைட் நடத்துவதில் அவர் கை தேர்ந்தது என்பதே என் எண்ணம். அவரும் அதே தாளில் கட்டம் போட்டுப் பார்த்தார். 41 மாதங்கள் வந்தன. அவருக்குத் தேவை 60.

"இன்னும் 19 மாசம்தானே சார், காத்திருக்கேன்" என்றார். அது 19 அல்ல. அப்போது கணக்கில் கொண்ட 8 ஆண்டுகள் என்ற சன்னல் நிற்காமல் நகரும். இந்தப் பக்கம் ஒரு மாதம் சேரும்போது அந்தப் பக்கம் ஒரு மாதம் வெளியே போகிறது. அவருடைய 41இல் ஆறு மாதங்கள் 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை நடந்த ஒரு வேலையினுடையவை. 19 மாதம் கழித்து, 2027 ஜனவரியில் அவர் விண்ணப்பிக்கும்போது அந்த ஆறும் சன்னலுக்கு வெளியே போயிருக்கும். அவற்றை ஈடுகட்ட மேலும் ஆறு மாதம், ஆக 25 மாதம் வேண்டும். அதிர்ஷ்டவசமாக 2019இல் செப்டம்பர் வரை அவர் எந்தத் திட்டத்தையும் நடத்தவில்லை. ஆகவே 2027 ஜூலை வரை வேறெதுவும் கழியாது. இடையில் ஒரு மாதம்கூட வெறுமையாகப் போகக்கூடாது.

பக்கத்தில் பட்டதாரி 36ஓடு உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு, கையில் 41 வைத்திருப்பவர் இரண்டு வருடம் நிற்பது எனக்கே கசக்கிறது. விதியில் நியாயம் இருக்கிறதா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கட்டடம் டிகிரி கேட்பதில்லை. ஆனாலும், பராமரிப்பு வருடத்தைத் திட்டம் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குள் வேண்டுமானால், அனுபவம் கேட்காமல் 23 மணி நேரப் பயிற்சியை மட்டும் கேட்கும் சிஏபிஎம் என்ற தொடக்கநிலைச் சான்றிதழுக்குப் போகலாம் என்று சொன்னேன். அது கையில் இருந்தால் பிஎம்பிக்கு வேண்டிய 35 மணி நேரப் பயிற்சிக்குப் பதிலாக அதையே காட்டலாம் என்ற வசதியும் உண்டு.

அவர் அதைப் பற்றி அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்தார். ஒரு மாதத்துக்கு ஒரு பக்கம். மேலே சைட்டின் பெயர், எந்த நாளில் பொறுப்பு கைக்கு வந்தது, யாருக்குப் பதில் சொல்கிறார், அவர் தொலைபேசி எண். கீழே அந்த மாதம் அவர் எடுத்த முடிவுகள், ஏறத்தாழ எத்தனை மணி நேரம் திட்டத்தை நடத்துவதில் போயிற்று என்ற குறிப்பு. மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தை என்னிடம் நீட்டுவார். சரியாக இருந்தால் ஓரத்தில் தேதி போட்டுக் கையெழுத்திடுவேன். மூன்றாவது மாதத்தில் 140 என்று எழுதியிருந்ததை அவரே அடித்து 110 ஆக்கியிருந்தார். அந்த மாதம் இரண்டு வாரம் வேறொரு சைட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்தாராம்.